லாபியில் விருந்தினர் மயங்கி விழுந்தால்: ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜரின் நிகழ்வு அறிக்கை பற்றிய கேள்வி பதில்கள்

ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. லாக்புக்கிலும் ஒரு வரி எழுதியாகிவிட்டது. தனியாக ரிப்போர்ட் எதற்கு?

லாக்புக் வரி அடுத்த ஷிப்டுக்கான தகவல். "412 கெஸ்ட் லாபியில் மயங்கினார், 108-ல் அனுப்பப்பட்டார்" என்றால் காலையில் வருபவருக்குப் போதும். ஆனால் மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்து, "விழுந்ததிலிருந்து எத்தனை நிமிடம் கழித்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்பார். சிகிச்சையை முடிவு செய்ய அவருக்கு அது தேவை. ஒரு வாரம் கழித்து மகன் வந்து "எங்கப்பா விழுந்தப்ப யார் பக்கத்துல இருந்தாங்க?" என்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி தரை ஈரமாக இருந்ததா என்று கேட்கும். இந்த மூன்று பேருக்கும் லாக்புக் வரி பதில் சொல்லாது. அறிக்கை சொல்ல வேண்டும், அதுவும் நினைவு கலைவதற்கு முன் எழுதியதாக இருக்க வேண்டும்.

நான் நேரில் பார்க்கவில்லை. நைட் ஷிப்ட் பையன்கள்தான் பார்த்தார்கள். ரிப்போர்ட்டை யார் எழுதுவது?

ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர்தான் எழுத வேண்டும், ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தனித்தனி தாளில், அவரவர் கையெழுத்தில் வாங்கிவிடுங்கள். தமிழில் எழுதட்டும். இந்தி பேசும் பெல் பாய் இந்தியில் எழுதட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைத்தால் நான்கு தாளிலும் உங்கள் வாக்கியமே இருக்கும், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அவர்களிடம் மூன்று கேள்வி போதும்: நீ எங்கே நின்றிருந்தாய், கண்ணால் என்ன பார்த்தாய், கையால் என்ன செய்தாய். எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் கதையே எல்லோருக்கும் ஞாபகமாகிவிடும். நான்கு பேர் சொல்வதில் வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும். அதைச் சரிசெய்வது உங்கள் வேலை இல்லை. அறிக்கையில் "செக்யூரிட்டி இப்படிச் சொல்கிறார், ரிசப்ஷனிஸ்ட் அப்படிச் சொல்கிறார், சிசிடிவியில் தெரிவது இது" என்று மூன்றையும் வைத்தால் போதும்.

எழுதிய தாளில் திருத்தம் இருந்தால் ஒயிட்னர் போடக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். பிறகு ஞாபகம் வந்ததை "பின்சேர்க்கை" என்று தலைப்பிட்டு, எழுதிய தேதியோடு கீழே சேர்க்கலாம்.

நேரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். சிசிடிவியில் பார்த்தால் 108-க்கு போன் செய்த பிறகுதான் கெஸ்ட் விழுந்த மாதிரி இருக்கிறது! எதை எழுதுவது?

உங்கள் கேமரா கடிகாரம் முன்னால் ஓடுகிறது. பெரும்பாலான ஹோட்டல்களில் இதுதான் நிலைமை. சிசிடிவி காட்சிகளைப் பதிந்து வைக்கும் என்விஆர் பெட்டி இணைய நேரத்தோடு இணைக்கப்படாமல் இருந்தால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். ரிசப்ஷன் சுவர்க் கடிகாரம் ஒன்று, பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்று, கதவுப் பூட்டின் பதிவு ஒன்று, செல்போன் ஒன்று என்று ஒரே லாபியில் நாலைந்து நேரம் ஓடும்.

அறிக்கை எழுத உட்காரும் முன் முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவருவது. நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும் செல்போனை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். என்விஆர் திரையில் நேரலைப் படம் ஓடும்போது, அதில் தெரியும் நேரமும் செல்போன் காட்டும் நேரமும் நொடியோடு ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுங்கள். அதுவே உங்கள் அத்தாட்சி. பிறகு யாராவது என்விஆர் நேரத்தைச் சரிசெய்துவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஆகவே படம் எடுக்கும்வரை பெட்டியின் செட்டிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கற்பனையானதுதான், ஆனால் சிக்கல் இப்படித்தான் வரும். கேமராவில் விருந்தினர் விழுவது 21:47:32. டூட்டி மேனேஜரின் போனில் 108-க்குப் போன அழைப்பு 21:46. அப்படியே எழுதினால் விழுவதற்கு முன்பே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்த்ததில் கேமரா 4 நிமிடம் 10 நொடி முன்னால் ஓடுகிறது என்று தெரிகிறது. கழித்தால் விழுந்தது 21:43:22. இப்போது எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது.

அறிக்கையில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். "கேமராவில் 21:47:32, சரிசெய்த நேரம் 21:43:22" என்று. வீடியோவை வைத்துக்கொண்டு அறிக்கையைச் சரிபார்ப்பவருக்கு அந்த முதல் எண் வேண்டும். இன்னொரு விஷயம்: விழுந்ததற்கும், நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சிபிஆர் தொடங்கியதற்கும் இடையிலான இடைவெளி ஒரே கேமராவிலிருந்து எடுத்ததென்றால், கடிகாரம் தப்பாக இருந்தாலும் அந்த இடைவெளி சரியாகவே இருக்கும். டாக்டருக்கு முக்கியம் அந்த இடைவெளிதான்.

யாருக்கும் தெரியாத நேரத்தை "சுமார்" என்று போட்டு நிரப்ப வேண்டாம். "நேரம் உறுதியாகத் தெரியவில்லை, 108 அழைப்புக்குப் பிறகு, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியான ஏஇடி வருவதற்கு முன்" என்று வரிசையை மட்டும் சொன்னால் அது உண்மையாக இருக்கும்.

"மாரடைப்பு" என்று எழுதலாமா? ஆம்புலன்ஸில் வந்தவரே அப்படித்தான் சொன்னார்.

எழுதக் கூடாது. வேண்டுமானால் "இது மாரடைப்பாக இருக்கலாம் என்று ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் டூட்டி மேனேஜரிடம் சொன்னார்" என்று, சொன்னவர் பெயரில் எழுதலாம். ஹோட்டலின் கூற்றாக வரக் கூடாது.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. அப்போது ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே கூட இருப்பார். இதயத்துடிப்பு நின்றுபோவது வேறு. அதில் ஆள் நொடிகளில் நினைவிழந்து விழுவார், மூச்சும் சரியாக வராது. முதலாவது இரண்டாவதுக்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் லாபியில் நின்று பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. சர்க்கரை குறைந்து விழலாம், மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம், தொண்டையில் உணவு அடைத்திருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம். நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால், படிப்பவர் மீதியெல்லாவற்றையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி படிப்பார்.

அதற்குப் பதில் கண்ட அடையாளத்தை எழுதுங்கள். கூப்பிட்டதற்கு, தோளைத் தட்டியதற்குக் கண் திறந்தாரா? முகம் எந்தப் பக்கமாக விழுந்தது? உதடு நீலம் பாரித்ததா? வியர்த்திருந்ததா? வாந்தி எடுத்தாரா? விழும் முன் கையை ஊன்றினாரா, அப்படியே மரம் மாதிரி சாய்ந்தாரா? கடைசிக் கேள்விக்குக் கேமராவே பதில் சொல்லிவிடும். கை ஊன்றாமல் விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவமனைக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

அதேபோல "குடித்திருந்தார்" என்ற வார்த்தையும் வேண்டாம். பாரில் அவர் அறை எண்ணுக்கு என்ன பில் போயிருக்கிறது, எத்தனை மணிக்கு என்பது மட்டும் தெரியும். அதைச் சொன்னால் போதும்.

ரிசப்ஷனிஸ்ட் "மூச்சு இருந்தது" என்கிறார், செக்யூரிட்டி "இல்லை" என்கிறார். கை கால் உதறியது, வலிப்பு என்று நினைத்து கையில் சாவி கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். இதை எப்படி எழுதுவது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நிமிடங்கள் வீணாகின்றன, பெரும்பாலான அறிக்கைகளும் இங்கேதான் மழுப்புகின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதயம் நின்றுபோன ஒருவர் சில நிமிடங்கள்வரை வாயைத் திறந்து திறந்து மூடுவதுண்டு. நீண்ட இடைவெளி விட்டு ஒரு பெருமூச்சு, பிறகு குறட்டை மாதிரி ஒரு சத்தம், மறுபடி இடைவெளி. கரையில் போட்ட மீன் வாய் திறப்பதைப் போல இருக்கும். பார்ப்பவர் "மூச்சு விடுகிறார்" என்றுதான் நினைப்பார். அது மூச்சு இல்லை. மூளைத்தண்டின் கடைசி முயற்சி, நுரையீரலுக்குப் போதிய காற்று அதில் போகாது. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் வழக்கம்போல் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதே பயிற்சியில் சொல்லித்தரும் விதி. சந்தேகமாக இருந்தாலும் தொடங்க வேண்டும்.

கை கால் உதறலும் அப்படித்தான். ரத்தம் போகாத மூளை, விழுந்த சில நொடிகளில் வலிப்பு போன்ற உதறலைக் கிளப்பலாம். அது நின்ற பிறகும் ஆள் சீராக மூச்சு விடவில்லையென்றால் அதை வலிப்பு என்று விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் உடனே யாராவது சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிப்பார்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. அது வலிப்பாகவே இருந்தாலும் பெரும்பாலும் தானாகத்தான் அடங்கும், சாவியால் அல்ல. சாவி தேடிய நேரத்தில் ஒருவரும் நெஞ்சைப் பார்க்கவில்லை என்பதுதான் நஷ்டம்.

ஆகவே அறிக்கையில் "மூச்சு இருந்தது" என்றோ "இல்லை" என்றோ எழுத வேண்டாம். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தாயா? சத்தம் எப்படி இருந்தது? ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம்? அப்படிக் கேட்டால் ரிசப்ஷனிஸ்ட் "குறட்டை மாதிரி கேட்டது, இடைஇடையே" என்பார். செக்யூரிட்டி "நெஞ்சு அசையவில்லை" என்பார். இருவர் சொன்னதும் உண்மை, ஒன்றையொன்று மறுக்கவும் இல்லை. அந்த இரண்டு வரியைப் படித்ததும் டாக்டருக்கு நடந்தது புரிந்துவிடும்.

சாவி கொடுத்ததையும் எழுதுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

சிபிஆர், ஏஇடி பற்றி எவ்வளவு விவரம் வேண்டும்?

யார் தொடங்கினார், எப்போது தொடங்கினார், நடுவில் எப்போது நின்றது, ஏஇடி எத்தனை முறை ஷாக் கொடுத்தது. இவ்வளவுதான்.

சிபிஆரில் பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை தளர்ந்துவிடும், அதனால் ஆள் மாற வேண்டும். அறிக்கையில் "சரியான ஆழத்தில் அழுத்தப்பட்டது" என்று எழுத வேண்டாம், உங்களால் அளந்திருக்க முடியாது. "கேமராவில் தொடர்ச்சியாக அழுத்துவது தெரிகிறது, ஆள் மாறியது இந்த நேரம்" என்பது போதும். சோபாவில் கிடத்தி அழுத்தியிருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மெத்தை அமுங்கிப் போவதால் நெஞ்சு அமுங்காது, தரையில் கிடத்தியது எப்போது என்பதுதான் உண்மையான தொடக்கம்.

ஏஇடி கருவி பேசும். நெஞ்சில் பட்டையை ஒட்டச் சொல்லும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லும், ஷாக் தேவையா என்று தானே முடிவு செய்யும். ஷாக் கொடுத்தவுடன் நிற்காமல் அழுத்தலைத் தொடர வேண்டும். பலர் அந்த இடத்தில் "பிழைத்தாரா" என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அந்த நிறுத்தம் கேமராவில் தெரியும், எத்தனை நொடி என்று எழுதுங்கள். ஷாக் கொடுக்கவே இல்லையென்றால் "கருவி ஷாக் தேவையில்லை என்றது" என்று எழுதுங்கள். கருவி பழுது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. எல்லா நிலைக்கும் ஷாக் உதவாது, அதைக் கருவியே கண்டுபிடிக்கும்.

பல மாடல்கள் உள்ளே நிகழ்வைப் பதிந்து வைத்திருக்கும், மருத்துவமனை அதைக் கேட்கலாம். கருவியை விற்ற நிறுவனத்துக்குச் சொல்லி அந்தப் பதிவை எடுத்து வைக்கும்வரை அழித்துவிடக் கூடாது. ஏஇடியின் கடிகாரமும் தப்பாக ஓடலாம் என்பதை மறக்காதீர்கள்.

108-க்கு அழைத்ததைப் பற்றி ஒரு வரிக்கு மேல் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எந்தப் போனிலிருந்து என்பது முதல் விஷயம். ரிசப்ஷன் மேஜையிலுள்ள இன்டர்காம் போனில் வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டிய ஹோட்டல்களில், பதற்றத்தில் நேராக 108 அழுத்தினால் அது 108-ஆம் எண் அறைக்குப் போய் மணி அடிக்கும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அங்கே உயிர் போகிற நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அழைப்பு முதல் முறையே போனதா, இரண்டாவது முயற்சியிலா என்று எழுதுங்கள்.

அழைத்தவர் கொடுத்த அடையாளம் என்ன? ஹோட்டல் பெயர் மட்டும் சொன்னாரா, எந்தச் சாலை, எந்த வாசல், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னாரா? வண்டி முன்வாசலுக்கு வந்ததா, பின்பக்க சர்வீஸ் கேட்டில் நின்றதா? சாலைக்கு ஆள் அனுப்பினீர்களா? போர்ட்டிகோவில் வேலே பார்க்கிங் கார்கள் நின்றதால் ஆம்புலன்ஸ் தள்ளி நிற்க வேண்டியிருந்ததா? வந்த நேரம் என்று இரண்டு நேரம் எழுத வேண்டும்: வண்டி கேட்டுக்குள் நுழைந்தது, டெக்னீஷியன் ஆளின் பக்கத்தில் வந்தது. இரண்டுக்கும் இடையில் நிறைய நேரம் போயிருந்தால் அது ஹோட்டலின் கையில் உள்ள தாமதம்.

வண்டி எண், அழைத்துப் போன மருத்துவமனை, கூடப் போன ஊழியர், இந்த மூன்றும் கட்டாயம். டெக்னீஷியனிடம் என்ன சொல்லி ஒப்படைத்தீர்கள் என்பதும் வேண்டும்.

மாதிரிக்கு ஒரு அறிக்கை எழுதிக் காட்ட முடியுமா?

மேலே சொன்ன அதே கற்பனை நிகழ்வு. கேமராவிலிருந்து எடுத்த நேரங்கள் எல்லாம் 4 நிமிடம் 10 நொடியைக் கழித்து, செல்போன் நேரத்துக்குச் சரிசெய்தவை. இட நெருக்கடிக்காகக் கேமரா நேரத்தை இங்கே விட்டிருக்கிறோம், நீங்கள் விட வேண்டாம்.

> 21:43:22. அறை 412 விருந்தினர் (ஆண், பதிவு அட்டைப்படி வயது 58) லிப்டிலிருந்து வெளியே வந்து, ரிசப்ஷனுக்கு ஏறக்குறைய 4 மீட்டர் முன்னால், கை ஊன்றாமல் வலப்பக்கமாக விழுந்தார். தரை உலர்ந்திருந்தது (கேமரா 3, படம் இணைப்பில்).
>
> 21:43:40. பெல் பாய் பக்கத்தில் வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கை கால் உதறியதாக பெல் பாயும் ரிசப்ஷனிஸ்ட்டும் எழுதியுள்ளனர். பெல் பாய் கையில் சாவி கொடுத்தார். ரிசப்ஷனிஸ்ட் முகத்தில் தண்ணீர் தெளித்தார். செக்யூரிட்டியும் பெல் பாயும் அவரைத் தூக்கி சோபாவில் சாய்த்து உட்காரவைத்தனர். இடைவிட்டுக் குறட்டை போன்ற சத்தம் கேட்டதாக ரிசப்ஷனிஸ்ட். நெஞ்சு அசையவில்லை என்று செக்யூரிட்டி.
>
> 21:45:55. பின்அலுவலகத்திலிருந்து வந்த டூட்டி மேனேஜர் அவரைத் தரையில் கிடத்தச் செய்தார். செக்யூரிட்டி நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்.
>
> 21:46. டூட்டி மேனேஜர் தன் செல்போனில் 108-ஐ அழைத்தார் (அழைப்புப் பதிவின் படம் இணைப்பில்). ஏஇடியை எடுத்துவர பெல் பாயை முதல் மாடி ஜிம்முக்கு அனுப்பினார்.
>
> 21:48:50. ஏஇடி வந்தது. சட்டை வெட்டப்பட்டது. நெஞ்சு ஈரமாக இருந்ததால் துண்டால் துடைத்துப் பட்டை ஒட்டப்பட்டது.
>
> 21:49:35. கருவி சொன்னபடி எல்லோரும் விலகினர். ஒரு ஷாக். 21:49:43-க்கு அழுத்தல் மீண்டும் தொடங்கியது. அழுத்தியவர் மாறி, டூட்டி மேனேஜர்.
>
> 21:51:50. விருந்தினர் கையை அசைத்து முனகினார். நெஞ்சு ஏறி இறங்கியதை டூட்டி மேனேஜர் பார்த்தார். அழுத்தல் நிறுத்தப்பட்டது. பட்டையும் கருவியும் எடுக்கப்படவில்லை.
>
> 22:01:30. ஆம்புலன்ஸ் போர்ட்டிகோவில். 22:09:10-க்குப் புறப்பட்டது. டூட்டி மேனேஜர் உடன் சென்றார்.

இதில் அபிப்பிராயம் ஒன்றுகூட இல்லை, ஆனால் மேனேஜர் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம் இருக்கிறது. பெல் பாய் 18 நொடியில் பக்கத்தில் வந்துவிட்டார். ஆனால் அழுத்தல் தொடங்க விழுந்ததிலிருந்து 2 நிமிடம் 33 நொடி ஆனது. ஷாக் 6 நிமிடம் 13 நொடியில். முதல் இடைவெளி பயிற்சி இல்லாததால் வந்தது, இரண்டாவதில் பெரும்பங்கு ஏஇடி முதல் மாடி ஜிம்மில் இருந்ததால் வந்தது. ஷாக் தேவைப்படும் நிலையில் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கருவியை ரிசப்ஷன் பக்கத்துச் சுவரில் மாட்டினால் அதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். இந்தக் கணக்கைத் தனித் தாளில், "மேலாண்மைக் குறிப்பு" என்று எழுதி ஜெனரல் மேனேஜருக்குக் கொடுங்கள். நிகழ்வு அறிக்கைக்குள் கலக்க வேண்டாம்.

பையன் சாவி கொடுத்ததையும் தண்ணீர் தெளித்ததையும் எழுதினால் ஹோட்டலுக்குப் பிரச்சினை வராதா? விட்டுவிடலாமே?

கேமராவில் அது இருக்கிறது. அறிக்கையில் இல்லாமல் கேமராவில் மட்டும் இருந்தால், சாவி ஒரு பிரச்சினையே இல்லாமல் போய், மறைத்ததுதான் பிரச்சினையாகும். மருத்துவக் காரணமும் உண்டு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். மருத்துவமனைக்கு அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு நாள் கழித்து வரும் காய்ச்சலுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தகவல் அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது, டெக்னீஷியனிடம் அப்போதே வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும்.

உதவப்போன ஊழியருக்குச் சட்டப் பயம் இருக்கும். ஒருவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கருதாத பிரிவு தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது, பிரிவு 30. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவையும் சிலர் சொல்வார்கள். அது சாலை விபத்தில் உதவுபவருக்கானது, லாபிக்குப் பொருந்தாது. சிபிஆரில் விலா எலும்பு முறிவது சாதாரணமாக நடப்பது. "அழுத்தும்போது நொறுங்கும் சத்தம் கேட்டது" என்று ஊழியர் எழுதியிருந்தால் அடிக்காதீர்கள். மருத்துவமனைக்குத் தேவையான தகவல் அது.

எழுதும்போது "அலட்சியமாக", "துரதிர்ஷ்டவசமாக", "உடனடியாக" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். நொடி எண் இருக்கும்போது "உடனடியாக" என்பது எதற்கு?

சிசிடிவி பதிவை எப்படி எடுத்து வைப்பது?

அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது பதியும். பல இடங்களில் 15 முதல் 30 நாளில் அழிந்துவிடும். விழுவதற்குப் பத்து நிமிடம் முன்பிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்வரை, லாபி, லிப்ட் வாசல், போர்ட்டிகோ என எல்லாக் கேமராவும் வேண்டும். திரையைச் செல்போனில் படம்பிடிப்பது பதிவு ஆகாது. என்விஆரிலிருந்து அதன் சொந்த வடிவத்தில், ஓட்டிப்பார்க்கும் மென்பொருளோடு ஏற்றுமதி செய்ய வேண்டும்.

வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவோடு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு, அந்தச் சான்றிதழில் வரும். ஆகவே ஏற்றுமதி செய்த அன்றே ஐடி ஆளை வைத்து அதை எடுத்து எழுதி வைத்துவிட்டால் பிறகு கோப்பு மாறவில்லை என்று காட்டலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த ஒரு வரி போதும்:

```
certutil -hashfile lobby_cam3.mp4 SHA256
```

கோப்பின் பெயரை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். போலீஸ் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், ஒரு பிரதி ஹோட்டலில் இருக்க வேண்டும். ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காட்சி ஒரு நொடிகூடப் போகக் கூடாது. சட்டை வெட்டிய நிலையில் தரையில் கிடப்பவர் ஒருவருடைய அப்பா.

கெஸ்ட்டின் அறையை என்ன செய்வது? மறுநாள் செக்அவுட், வேறு புக்கிங் இருக்கிறது.

புக்கிங்கை வேறு அறைக்கு மாற்றுங்கள். 412-ஐ மாஸ்டர் சாவியால் டபுள் லாக் செய்து, யாரும் நுழைவதற்கு முன் கதவுப் பூட்டின் நுழைவுப் பதிவை எடுத்து வையுங்கள். ஹவுஸ்கீப்பிங்கும் போகக் கூடாது. ஒரே விதிவிலக்கு மருந்து. மருத்துவமனை கேட்டால் இருவர் சேர்ந்து போய், மேஜைமேலுள்ள மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, எடுத்ததை மட்டும் எழுதிவிட்டு வர வேண்டும்.

லாபியில் விழுந்த கைப்பை, மூக்குக்கண்ணாடி, போன், பல்செட் எல்லாம் இரண்டு பேர் முன்னிலையில் பட்டியலிட்டு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்திட வேண்டும். "தங்கச் சங்கிலி" என்று எழுதாதீர்கள், "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி" என்று எழுதுங்கள். பில்லில் தானாக ஏறும் அறை வாடகையை நைட் ஆடிட்டருக்குச் சொல்லி நிறுத்தி வைப்பது நல்லது. மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு ஹோட்டலின் ஆட்டோமேட்டிக் பில் மெசேஜ் போவதைவிடக் கொடுமை இல்லை.

வீட்டுக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஒரே ஒருவர், டூட்டி மேனேஜரோ ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜரோ. பதிவு அட்டையிலுள்ள அவசரத் தொடர்பு எண்ணுக்கு. அது விருந்தினரின் எண்ணாகவே இருப்பது வழக்கமான தலைவலி. அப்படியென்றால் புக்கிங் செய்த கம்பெனியோ டிராவல் ஏஜென்டோ மூலமாகப் போக வேண்டும்.

"அம்மா, நான் இந்த ஹோட்டலிலிருந்து பேசறேன். சார் லாபியில மயங்கி விழுந்துட்டார். ஆம்புலன்ஸ்ல இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, எங்க ஆளும் கூட இருக்கார். அவர் நம்பர் தரேன்." இதற்கு மேல் வேண்டாம். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கார்" என்று ஆறுதல் சொல்லவும் கூடாது, இறந்துவிட்டார் என்று சொல்லவும் கூடாது. இரண்டையும் சொல்ல வேண்டியவர் டாக்டர். அழைத்த நேரம், எடுத்தவர், சொன்னது, இவற்றை அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

அவர் இறந்துவிட்டால் போலீஸ் வருமா?

பெரும்பாலும் வரும். வழியிலேயே இறந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால் அவர்களே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். திடீர் மரணமாகவும் காரணம் தெரியாததாகவும் இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194-ன் கீழ் விசாரிக்கலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவாக இருந்தது, பழைய படிவங்களில் இன்னும் அந்த எண்ணே இருக்கும். விசாரணை என்றால் குற்றச்சாட்டு என்று அர்த்தம் இல்லை, ஊழியர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள்.

லாபியிலேயே அசைவில்லாமல் போனாலும் டாக்டர் சொல்லும்வரை அறிக்கையில் மரணம் என்ற சொல் வரக் கூடாது. டெக்னீஷியன் வந்து பொறுப்பை ஏற்கும்வரை அழுத்தலும் நிற்கக் கூடாது. வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் செக்இன்போது எடுத்தது இருக்கும். அதைப் போலீஸிடம் கொடுக்கலாம், தூதரகத்துக்குத் தகவல் போக அது உதவும்.

அடுத்த நாள் காலையில் மறந்துபோகக் கூடாதது ஏதாவது?

ஏஇடி. பட்டைகள் ஒருமுறை பயன்படுத்தினால் அவ்வளவுதான். இருப்பில் இன்னொரு ஜோடி இல்லாமல் கருவியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டால், அடுத்து விழுபவருக்கு அது வெறும் பெட்டி. புதுப் பட்டையின் காலாவதித் தேதி, பேட்டரி விளக்கு, கத்தரிக்கோல், ரேசர், துடைக்கத் துண்டு, இவை எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து லாக்புக்கில் எழுதுங்கள். உடனே பட்டை கிடைக்காவிட்டால் பெட்டியின் மேலேயே "பட்டை இல்லை" என்று தேதியோடு ஒட்டி, பக்கத்தில் எங்கே ஏஇடி இருக்கிறது என்று ரிசப்ஷன் மேஜையில் எழுதி வையுங்கள்.